தட்டச்சு செய்யும் கைகளுக்கு: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பத்திரம் தட்டச்சு செய்பவர்கள், இ-சேவை மையத்தில் உட்காருபவர்கள், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்கள், வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று நாளெல்லாம் விசைப்பலகையோடு இருப்பவர்கள் கைவலியோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். கையைத் தொட்டுப் பார்த்துச் செய்யும் பரிசோதனைக்கு இது ஈடாகாது.

மாலையானால் கை கனக்கிறது. இது வெறும் களைப்பா, நோயின் ஆரம்பமா?

காலையில் எழுந்ததும் கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்து ஓரிரு மணி நேரத்தில் கனம் இறங்கி, தூங்கி எழும்போது கை பழையபடி இருந்தால் அது களைப்புதான். அந்தக் களைப்பு நாளுக்கு நாள் முன்னதாக வரத் தொடங்கினால் கவனிக்க வேண்டும். போன மாதம் ஐந்து மணிக்கு வந்த வலி இந்த மாதம் மூன்று மணிக்கு வருகிறது, பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது என்றால், இரவு ஓய்வில் தேறும் அளவைவிடப் பகலில் கை கெடும் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

காலையில் எழும்போதே விரல்கள் விறைத்திருக்கின்றன, ஞாயிறு கழிந்து திங்களன்றும் வலி மிச்சமிருக்கிறது என்றால் காயம் தொடங்கிவிட்டது. மருத்துவர்கள் சுருக்கமாக ஆர்.எஸ்.ஐ. என்பது இதைத்தான். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும், கையை ஒரே நிலையில் நெடுநேரம் பிடித்துவைப்பதாலும் தசைக்கும் தசைநாணுக்கும் நரம்புக்கும் வரும் பலவிதப் பாதிப்புகளுக்கு இது பொதுப்பெயர். எந்தப் பாதிப்பு என்பது வலியும் மரப்பும் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதனால்தான் கீழே விரல் விரலாகச் சொல்லியிருக்கிறேன்.

விரல் விசையைக் கீழ்நோக்கித்தானே அழுத்துகிறது? முன்கையின் மேல்பக்கம் ஏன் வலிக்கிறது?

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வலது உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மேசைமேல் வையுங்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, முன்கையின் மேல்பக்கத்தை இடது கையால் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மேசையிலிருந்து சற்றே தூக்குங்கள். இடது கைக்கு அடியில் ஒரு தசை திரண்டு இறுகுவது தெரியும். விரலை மீண்டும் வைத்தால் இளகிவிடும்.

தட்டச்சு செய்யும்போது விரல்கள் விசைகளுக்கு மேலே தூக்கியபடியே நிற்கின்றன. விசையை அழுத்துவது ஒரு கணம். விரலைத் தூக்கிப் பிடித்திருப்பது முழு நேரமும். இறுகிய தசைக்குள் ரத்தம் தாராளமாக ஓடாது. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே கையை விசைப்பலகையின் மேல் வைத்திருக்கும் நேரத்திலும் அந்தத் தசை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. "நான் அதிகம் அடிக்கவே இல்லையே, யோசித்துக்கொண்டுதானே இருந்தேன்" என்று சொல்பவர்களுக்கும் வலி வருவதற்குக் காரணம் இது. யோசிக்கும்போது கைகளை மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும்? வேலை தேங்கிவிடாதா?

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அரை நிமிடத்தில் எழுந்திருக்கத் தேவையில்லை. கைகளை மடியில் போட்டு, தோளை இறக்கி, ஜன்னல் வழியே தூரத்தில் இருக்கும் எதையாவது பார்த்தால் போதும். ஐந்து நிமிட இடைவேளையில் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும்.

வேலை தேங்குமா என்பதை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வருமான வரிப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் ஊழியர்களுக்கு ஏற்கெனவே காலையிலும் பிற்பகலிலும் கால் மணி நேர இடைவேளை உண்டு. அதற்கு மேல், இடைவேளை இல்லாத மணி நேரங்களில் தலா ஐந்து நிமிடம் சேர்த்துக் கொடுத்தார்கள். நாளுக்கு மொத்தம் இருபது நிமிடம் கூடுதல். ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியானது: கை, தோள், கண் தொந்தரவுகள் குறைந்தன, பதிவான வேலையின் அளவோ குறையவில்லை. உங்கள் அலுவலகப் பொறுப்பாளர் முகம் சுளித்தால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இடைவேளையில் கைபேசியை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தால் அது இடைவேளை ஆகாது. விசைப்பலகையில் களைத்த கை அங்கே கட்டைவிரலோடு சேர்ந்து மேலும் களைக்கிறது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும் வலியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கைபேசியைப் பற்றித்தான்.

நேரம் பார்க்க மறந்துபோகிறவர்கள் Workrave என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். விசையும் மவுஸும் அசைவதைக் கணக்கெடுத்து நினைவூட்டும். நீங்களாகவே எழுந்து போயிருந்தால் அந்த நேரத்தை ஓய்வாகக் கழித்துக்கொள்ளும்.

காலையில் பத்து நிமிடம் கைப்பயிற்சி செய்துவிட்டு நிறுத்தாமல் வேலை பார்க்கலாமா?

அது பயன் தராது. மேலே சொன்ன ஆய்வைச் செய்தவர்களே 2007இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு இடைவேளையில் நீட்சிப் பயிற்சிகள் செய்யச் சொன்னார்கள். மறு பாதிக்கு இடைவேளை மட்டும். கூடுதல் இடைவேளை இரு பிரிவினருக்கும் பலன் தந்தது. பயிற்சி சொல்லப்பட்டவர்களில் பலர் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. இரு பிரிவுக்கும் இடையே தெளிவான வேறுபாடும் தெரியவில்லை.

பிசியோதெரபி செய்பவளாக இருந்தும் நான் இதை எல்லோரிடமும் சொல்கிறேன்: இடைவேளை முதலில், பயிற்சி அதற்குப் பிறகு. பயிற்சி செய்ய நேரமில்லாத நாளில்கூடக் கையைக் கீழே வைக்க நேரம் இருக்கும்.

சரி, என்ன பயிற்சி செய்யலாம்?

மூன்று போதும். நீளமான பட்டியல் கொடுத்தால் யாரும் செய்வதில்லை.

முதலாவது, முன்கையின் மேல்பக்கத்துக்கு. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள். இடது கையால் வலது கையின் புறங்கையைப் பிடித்து உடல் பக்கமாக இதமாக இழுத்து, பதினைந்து இருபது நொடிகள் வைத்திருங்கள். மேல்பக்கத் தசை இழுபடுவது தெரிய வேண்டும். வலி வரக் கூடாது. பிறகு உள்ளங்கை எதிரே பார்க்கும்படி விரல்களை மேலே தூக்கி, அதே போல் உள்பக்கத்துக்கும் செய்யுங்கள். ஒவ்வொரு கைக்கும் இரண்டு முறை.

இரண்டாவது, தசைநாண்களை அவற்றின் உறைக்குள் ஓடவிடும் பயிற்சி. விரல்கள் ஐந்தையும் நேராக நீட்டுங்கள். அடுத்து, விரலின் மேலிரண்டு கணுக்களை மட்டும் மடக்கிக் கொக்கி போல் ஆக்குங்கள். அடிக் கணு நேராகவே இருக்கட்டும். மறுபடி நீட்டுங்கள். அடுத்து முழு முஷ்டி. மறுபடி நீட்டுங்கள். கடைசியாக, அடிக் கணுவையும் நடுக் கணுவையும் மடக்கி, விரல் நுனிகள் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொடும்படி வையுங்கள். இந்தச் சுற்றை நிதானமாக ஐந்து முறை செய்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கையை இறுக்க வேண்டாம்; அசைத்தால் போதும்.

மூன்றாவது தோளுக்கு. தோள்களைக் காதுவரை தூக்கி, மூச்சை விட்டபடி தொப்பென்று இறக்குங்கள். பிறகு தோள்பட்டை எலும்புகளை முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெருங்கும்படி சேர்த்து ஐந்து நொடி வையுங்கள். குளிரில் நாம் எல்லோரும் தோளைத் தூக்கிக் குறுகித்தான் உட்காருகிறோம். அப்படி உட்கார்ந்தபடி அடித்தால் கழுத்தும் தோளும் கையோடு சேர்ந்து இறுகிவிடும்.

விரல் மரப்பு இருப்பவர்கள் முதல் பயிற்சியை மிக மெதுவாகச் செய்ய வேண்டும். நீட்டும்போது விரலில் மின்சாரம் பாய்வது போல் இருந்தால் உடனே விடுங்கள். நரம்பு இழுபடுவதை விரும்பாது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் சரியாகும் என்ற எண்ணம் தசைக்கே முழுதாகப் பொருந்தாது, நரம்புக்குச் சிறிதும் பொருந்தாது.

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு தேயுமா?

தேயாது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளாக ஒரு கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்து, இரண்டு கைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று 1998இல் எழுதினார். ஆனால் இது பயிற்சிக்குப் பதில் ஆகாது.

டிசம்பர், ஜனவரியில் காலையில் விரலே மடங்குவதில்லை. தட்டச்சு செய்தால் கெடுதலா?

கெடுதல் உண்டு. இதைச் சமவெளியில் எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைபனி விழும் காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது, அறைக்குள் இருக்கும் விசைப்பலகையும் ஜில்லென்றுதான் இருக்கும். குளிரில் உடல் தன் சூட்டைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. தோலின் சொரணை மங்குகிறது. நரம்பில் செய்தி ஓடும் வேகமும் குறைகிறது. நரம்புச் சோதனை செய்பவர்கள், கை குளிர்ந்திருந்தால் சூடாக்கிய பிறகே அளப்பார்கள். இல்லாவிட்டால் நல்ல நரம்பும் கெட்டுப்போனதாகக் காட்டும். சொரணை மங்கிய விரல் விசையைத் தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கும். பிழைகள் கூடும், அழித்து அழித்து மறுபடி அடிப்பதால் அடிகளின் எண்ணிக்கையும் கூடும்.

ஆகவே கையைச் சூடாக்கிவிட்டு உட்காருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். சூடான தேநீர் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வர்க்கி கடித்து முடிக்கும் நேரமும் அதற்கு உதவும். விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறை நல்லது. கையைவிட முக்கியம் முன்கை: விரலை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு அடிப்பவர்கள் அதை இறக்கிவிடுங்கள். குளிர்ந்த கையில் நீட்சிப் பயிற்சியும் வேண்டாம். முதலில் சூடு, பிறகு நீட்சி.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடிக்கொள்ளாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலை ஊர்களில் இப்படி நேர்ந்த மரணச் செய்திகளைப் படித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குளிரால் வந்த மரப்பு எல்லா விரலிலும் இருக்கும். கை சூடானதும் போய்விடும். சூடான பிறகும் சில விரல்களில் மட்டும் மரப்பு நின்றால் அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள். விரல் நுனி வெண்மையாகி, நீலமாகி, பிறகு சிவந்து எரிச்சல் கொடுத்தால் அது ரேனாட் எனப்படும் ரத்தக்குழாய்க் கோளாறாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடு ராத்திரியில் கை மரத்து விழித்துக்கொள்கிறேன். உதறினால் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். "உதறினால் சரியாகிறது" என்று நீங்கள் சொல்வதே முக்கியமான அடையாளம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான தசைநார்ப் பட்டைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் ஓடுகின்றன. உள்ளே அழுத்தம் கூடினால் நசுங்குவது நரம்பு. இதற்குத்தான் கார்பல் டனல் என்று பெயர். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிவைத்துக்கொள்வதால் இரவில் அழுத்தம் கூடுகிறது.

எந்த விரல் மரக்கிறது என்று தூக்கக் கலக்கத்திலும் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை இந்த நரம்பின் எல்லை. சுண்டுவிரலுக்கு அது போவதில்லை. பலர் "கை முழுக்க மரக்கிறது" என்பார்கள். சுண்டுவிரலைத் தனியே கிள்ளிப் பார்க்கச் சொன்னால் அதில் சொரணை நன்றாக இருக்கும்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மார்புக்கு நேராக ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் பலப்படுகிறது. வராததால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

முதல் சிகிச்சை, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. மருந்துக் கடையில் கிடைக்கும் பட்டையின் உள்ளே ஓர் உலோகத் தகடு இருக்கும். பலவற்றில் அது மேல்நோக்கி வளைந்திருக்கும். மணிக்கட்டு மேலே வளைந்தாலும் உள்ளே அழுத்தம் கூடும் என்பதால், தகட்டை வெளியே எடுத்து நேராக்கிவிட்டுப் போடுங்கள். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டுங்கள். நாலைந்து வாரம் தவறாமல் போட்டும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஊசியும், தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சையும் உண்டு. அப்பட்டையைக் கட்டிக்கொண்டே தட்டச்சு செய்யாதீர்கள். மணிக்கட்டு அசையாததை ஈடுகட்ட முழங்கையும் தோளும் கோணிக்கொள்ளும்.

இன்னொன்று. கார்பல் டனலுக்குத் தட்டச்சு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், உடல் பருமன் ஆகியவற்றிலும் இது வரும். ரத்தச் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.

எனக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் மரக்கின்றன.

உங்களுக்குச் சிக்கல் முழங்கையில் இருக்க வாய்ப்பு அதிகம். முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் கை சுரீரென்று இழுக்குமே, அங்கே ஓடும் நரம்பு அது. முழங்கையை மேசையின் கூரான ஓரத்தில் ஊன்றுவதும், மடக்கிய கையில் கைபேசியை நெடுநேரம் காதில் வைத்திருப்பதும், கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவதும் அதை நசுக்கும். மேசை ஓரத்தில் துண்டை மடித்துப் போடுங்கள். இரவில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் கை முழுதாக மடங்காது.

நாள் முழுவதும் தமிழில் அடிக்கிறேன். இடது சுண்டுவிரலும் அதன் கீழே கையோரமும் கடுகடுக்கின்றன. என்ன செய்வது?

இதே குறையோடு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் கிரயப் பத்திரங்கள் தட்டச்சு செய்பவர். காலையில் கையோரம் விறைப்பு, மதியத்தில் கடுகடுப்பு, மாலையில் பால் பாத்திரத்தைத் தூக்கும்போது சுருக்கென்ற வலி. மரப்பு இல்லை, ஆகவே நரம்பைவிடத் தசைநாண் மீதுதான் என் சந்தேகம் போனது. ஒரு பத்திரத்தை என் எதிரில் அடித்துக் காட்டச் சொன்னேன்.

ஒலிப்பு முறையில் அடிக்கிறார். அந்த முறையில் ள, ண, ற மூன்றுக்கும் Shift வேண்டும். பத்திரத்தில் 'அவர்கள்', 'நாங்கள்', 'எல்லைகள்' என்று வரிக்கு வரி ள் வருகிறது. 'மேற்படி' என்ற சொல் வராத பத்தியே இல்லை, 'பெறுபவர்' வேறு. எல்லாவற்றுக்கும் இடது Shift. ள, ண இரண்டும் வலது கைப் பக்கத்து விசைகள் என்பதால் இடது சுண்டுவிரல் அழுத்துவது முறைதான். ஆனால் R இடது கைப் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு 'மேற்படி'க்கும் இடது சுண்டுவிரல் Shift மேல் ஊன்றி நிற்க, அதே கையின் ஆள்காட்டி விரல் R விசைக்கு நீளுகிறது. மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணுகிறது. போதாததற்கு, விசைப்பலகையின் பின்கால்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்ததால் மணிக்கட்டு மேல்நோக்கியும் வளைந்திருந்தது.

பின்கால்களை மடக்கச் சொன்னேன். மேசை உயரமாக இருந்ததால் நாற்காலியில் ஒரு தலையணையும் காலுக்கு அடியில் ஒரு பலகையும் வைத்தார். R வரும்போது வலது Shift. திரும்பத் திரும்ப வரும் சொற்களை AutoCorrect பட்டியலில் சேர்த்தார்; 'மேற்படி'க்கு அவர் mpd என்று வைத்துக்கொண்டார். விண்டோஸில் Shift விசையை ஐந்து முறை தட்டினால் Sticky Keys வரும். அதை இயக்கினால் Shift விசையைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை, தட்டிவிட்டுவிட்டு எழுத்தை அடிக்கலாம். அச்சு வெளிவரும் நேரத்தைக் கைகளின் ஓய்வு நேரமாக்கினார். ஆறு வாரத்தில் காலை விறைப்பு போனது. கடுகடுப்பு முழுதாக அடங்க அதற்கு மேலும் இரண்டு மாதம் ஆனது. தசைநாண் மெதுவாகத்தான் தேறும்.

தமிழ்99 விசைப்பலகையில் ள, ண, ற எதற்கும் Shift தேவையில்லை. கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் வேண்டும். சுண்டுவிரலுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வேலை நெருக்கும் மாதத்தில் முறையை மாற்றாதீர்கள். பழகும் வரை தடுமாற்றமும் பதற்றமும் கையை மேலும் இறுக்கும்.

வலது கை வலிக்கிறது. மவுஸை இடது கைக்கு மாற்றிவிட்டால் போதுமா?

கொஞ்சம் மூச்சு வாங்க உதவும். பழக்கம் மாறாமல் கை மட்டும் மாறினால் வலியும் கூடவே மாறும். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, 1713இல் தொழில் நோய்களைப் பற்றி எழுதியபோது, எழுதி எழுதி வலது கை ஓய்ந்துபோன ஓர் எழுத்தரைப் பற்றிக் குறிப்பிட்டார். அவர் இடது கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்தது.

மகள் தட்டச்சு சீனியர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறாள். அவளுக்கும் இது வருமா?

ஒரு மணி நேர வகுப்புக்கு அவ்வளவு கவலை வேண்டாம். தட்டச்சு இயந்திரத்தின் விசை கணினியைவிடக் கெட்டி. ஆனால் வரி முடிந்தால் நெம்பைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். கைக்கு மாற்று வேலை தானாகவே கிடைத்துவிடுகிறது. தேர்வு நெருங்கும்போது பயிற்சி நேரத்தை ஒரேயடியாக இரட்டிப்பாக்குவதுதான் வலியைக் கொண்டுவரும்.

நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலையை முடிக்கலாமா?

தைலம் தேய்க்கலாம். தோலில் குளிர்ச்சியும் சூடும் கலந்த உணர்வு வந்து வலியை மறக்கடிக்கும். உள்ளே இருக்கும் காயத்தை ஆற்றாது. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். தைலம் பூசிய இடத்தில், அதிலும் மரத்துப்போன விரலில், வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் கொப்புளித்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு அடிப்பதை நான் முழுதாக எதிர்க்கிறேன். நிறுத்து என்று கை சொல்வது கேட்காமல் போய்விடுகிறது. தினமும் போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

மரப்பு விட்டு விட்டு வராமல் நாள் முழுதும் நிற்கும்போது. சட்டைப் பொத்தான் போட முடியாமல், தம்ளர் கையிலிருந்து நழுவும்போது. கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு மறுகையோடு ஒப்பிட்டால் வற்றித் தட்டையாகத் தெரியும்போது. மூன்றாவது அடையாளம் வருவதற்குள் போய்விட வேண்டும். நெடுநாள் நசுங்கிய நரம்பு, வழியைத் திறந்துவிட்ட பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதிக்கொடுத்தால், கோவைக்கு இறங்க வேண்டியிருந்தாலும் ஒரு நாளை ஒதுக்கிப் போய்வாருங்கள்.

மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடித்தால் அன்றே போக வேண்டும். இரண்டு கைகளும் தடுமாறி, நடையும் தள்ளாடினால் கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கக் கை திடீரென்று மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

ஒரு வாரம் விடுமுறை எடுத்தேன். வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே வலி வந்துவிட்டதே?

இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். ஒன்று, விடுமுறையில் கைக்கு விடுமுறை கிடைக்காதது. நம் மாவட்டத்தில் அலுவலகம் இல்லாத நாளில் வீட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் ஏராளம். கொழுந்து கிள்ளுவதும் கத்தரிப்பதும் அதே விரல்கள், அதே முன்கை. கை இரண்டு வேலைகளையும் ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்கிறது. பறிப்பதை நிறுத்த முடியாது என்றால், கூடையை நிறைக்கும் வேகத்தையாவது குறைத்து, நடுநடுவே கையைத் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று, முதல் நாளே பழைய வேகத்துக்குத் தாவியது. திரும்பும் முதல் வாரம், வழக்கமாக அடிக்கும் நேரத்தில் பாதியே அடியுங்கள்; அதையும் இருபது நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்துக்குக் கோப்பு அடுக்குவது, தொலைபேசியில் பேசுவது போன்ற வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். நீண்ட வரைவுகளைக் குரல்வழித் தட்டச்சில் சொல்லிவிட்டுப் பிழை மட்டும் திருத்தலாம். மறுநாள் காலையில் கை எப்படி இருக்கிறது என்று பார்த்து, விறைப்பில்லாமல் மூன்று நாள் கழிந்தால் கால் மணி நேரம் கூட்டுங்கள். விறைப்பு வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். இப்படிப் போனால் முழு நேரத்துக்கு வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் காலத்தை மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, வேலையை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.